பாதியில் நின்ற செய்தியைப் பாதியாகவே வையுங்கள்

 

மாரி தொடங்கப் போகிறது. கிழக்கில் வாழும் நமக்கு நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்கள் எப்படிப் போகும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இம்முறையும் வெள்ளம் வந்தால் உலர் உணவு, சமைத்த சாப்பாடு, பால்மா, மருந்து ஆகியவற்றுக்கான பெயர்ப் பட்டியலை எழுதும் வேலை ஆசிரியர்களாகிய எங்கள் சிலரிடமும் ஊர் இளைஞர்களிடமும் வந்து சேரும். அதற்கான ஆயத்தக் கூட்டத்தில் ஒரு கருத்து சொல்லப்பட்டது. “இந்த முறை பட்டியலில் ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. செய்தி அரைகுறையாக வந்தாலும் நீங்கள் ஊர் ஆட்கள்தானே, விளங்கியதை வைத்து நிரப்பித் தாருங்கள்.”

சொன்னவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் இந்தக் கருத்தோடு நாங்கள் உடன்படவில்லை. கூட்டத்தில் விளக்கிச் சொல்ல நேரம் இருக்கவில்லை என்பதால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், செய்திகள் ஏன் பாதியில் நிற்கின்றன என்பதைப் பார்ப்போம். அனுப்புகிறவர் அவசரத்தில் ஒழுங்காக எழுதவில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் அது அவருடைய பிழையே இல்லை. வெள்ள நேரத்தில் டேட்டா வேலை செய்யாமல் போனால் மக்கள் வட்ஸ்அப்பை விட்டுவிட்டு சாதாரண குறுஞ்செய்திக்கு வருகிறார்கள். அந்தக் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் 160 இடம் இருக்கிறது. தமிழில் எழுதினால் 70 இடம் மட்டும்தான். அதிலும் தொலைபேசி எழுத்தை எண்ணுகிற விதம் வேறு. ‘வெள்ளம்’ என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து. தொலைபேசிக்கு அது ஏழு. கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனி இடம். ஆகவே நாற்பது எழுத்தளவில் எழுதும்போதே ஒரு குறுஞ்செய்தி நிரம்பிவிடும்.

அதற்கு மேல் எழுதினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போகும். தமிழில் ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடம். இந்தத் துண்டுகள் தனித்தனியாகத்தான் பயணம் செய்கின்றன. சிக்னல் விட்டு விட்டு வரும் இரவில் ஒரு துண்டு வந்து மற்றது வராமல் போகலாம். சில போன்கள் எல்லாத் துண்டும் வரும் வரை எதையும் காட்டாது. சில போன்கள் வந்ததை மட்டும் காட்டிவிடும். அதனால் வால் இல்லாத செய்தியும் வரும், தலை இல்லாத செய்தியும் வரும். இதோடு சார்ஜ் முடிந்து போவது, ஸ்கிரீன்ஷொட் எடுத்தவர் கீழ்ப் பாதியை விட்டுவிடுவது, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதி மூன்றாமவர் அனுப்புவது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வெள்ள இரவில் எங்களிடம் இருந்த மூன்று போன்களுக்கும் வந்த செய்திகளை ஒன்றாகக் கொட்டிப் பார்த்தபோது மொத்தம் 43 இருந்தன. அவற்றில் 29 முழுமையானவை. 14 அரைகுறை. அந்தப் பதினான்கில் சிலவற்றை எடுத்துப் பேசுவோம். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலாவது இது: “நாங்க 6 பேர். பாலத்தடி ரோட்டுக்குள்ள. வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. உம்மாவுக்கு இன்சு”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதைப் பார்த்தவுடன் யாருடைய கையும் ‘இன்சுலின் தேவை’ என்று எழுதத்தான் போகும். ‘இன்சு’ என்பது இன்சுலின்தான் என்பதில் எங்களுக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் ‘தேவை’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? அந்தச் செய்தியில் அது இல்லை. இன்சுலின் முடிந்துவிட்டது என்று எழுத வந்திருக்கலாம். இன்சுலின் இருக்கிறது, கரண்ட் இல்லாததால் பிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று எழுத வந்திருக்கலாம். ஊசி போட்டாயிற்று, சாப்பாடு இல்லை என்றும் எழுத வந்திருக்கலாம். மூன்றும் மூன்று வேலை. முதலாவதற்கு மருந்து தேட வேண்டும். மூன்றாவதற்கு உடனே சாப்பாடு கொண்டு ஓட வேண்டும். இன்சுலின் போட்ட ஆள் சாப்பிடாமல் இருந்தால் சீனி அளவு இறங்கி மயங்கிப் போகலாம். உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அதனால் பட்டியலில் இப்படி எழுதினோம்: “6 பேர். பாலத்தடி வீதி. வீட்டினுள் நீர். தாய் – ‘இன்சு…’ (செய்தி நின்றுள்ளது). இன்சுலினாக இருக்கலாம். என்ன வேண்டும் என்று தெரியாது. உடனே கதைக்க வேண்டும்.” இதை வரிசையில் மேலே தூக்கி வைத்தோம். இரண்டாவது அழைப்பில் பிள்ளை எடுத்தார். உம்மா மஃரிபுக்கு முன்னரே ஊசி போட்டுவிட்டார், அடுப்படிக்குள் தண்ணீர் வந்ததால் சமைக்க முடியவில்லை, உம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்றார். வீட்டில் இருக்கிற சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டு, 1990க்கும் அறிவிக்கச் சொல்லி, பக்கத்து வீதியில் நின்ற தம்பிமாரைச் சோற்றுப் பார்சலோடு அனுப்பினோம். ‘இன்சுலின் தேவை’ என்று முழுமையாக, அழகாக எழுதியிருந்தால் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கும். ஒருவரும் அழைத்துக் கேட்டிருக்கமாட்டார்கள். வைத்தியசாலைக்கு ஆள் போயிருக்கும், பார்மசிக்கு ஆள் போயிருக்கும், வீட்டில் இருக்கிற மருந்தையே இன்னொரு முறை கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்.

இதிலிருந்து நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். வெற்றிடம் கேள்வி கேட்க வைக்கிறது. நிரப்பிய கட்டம் கேள்வியை மூடிவிடுகிறது. பிழையாக நிரப்பிய கட்டமும் சரியாக நிரப்பிய கட்டமும் பட்டியலில் ஒரே மாதிரித்தான் தெரியும். யார் பார்த்தும் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது செய்தி தலை இல்லாதது: “3 பேர். இதில 2 சின்னப் பிள்ள. பால்மா இல்ல. சார்ஜ் முடியப் போகுது”

தொடக்கத்தில் ஒரு விபரமும் இல்லை. பெயரும் இல்லை, இடமும் இல்லை. ‘3’ என்று நிற்கிறதே, அது மூன்றா, பதின்மூன்றா? முன் துண்டு ‘1’ என்ற எண்ணோடு முடிந்திருந்தால் இது 13 பேர். வெள்ளத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் மாடி வீடொன்றில் சேர்ந்திருப்பது நம் ஊரில் வழக்கம். ஆகவே பதின்மூன்று என்பது அபூர்வமான எண்ணிக்கை இல்லை. அதனால் ‘…3 பேர் (முன்பகுதி இல்லை)’ என்று அப்படியே எழுதினோம். உறுதியாகத் தெரிந்த பகுதிக்கு உடனே வேலை செய்யலாம். சின்னப் பிள்ளைகள் இரண்டு, பால்மா இல்லை. அந்தப் பொதியைக் கட்டி வைத்துவிடலாம். சாப்பாட்டுப் பார்சல் எத்தனை என்பதுதான் நிற்கும்.

இடத்துக்கு என்ன செய்வது? போன் நிறுத்தப்பட்டிருந்தது. அனுப்பிய இலக்கம் மட்டும் கையில் இருந்தது. பள்ளிவாசல் சந்தாப் பதிவேட்டில் அந்த இலக்கத்தைத் தேடினோம். கிடைத்தது, முகவரியும் இருந்தது. ஒரு தம்பி உடனே அந்த முகவரியை ‘இடம்’ என்ற கட்டத்தில் எழுதப் போனார். நாங்கள் நிறுத்தி, ‘பதிவேட்டு முகவரி. இப்போது அங்கேதான் இருக்கிறார்களா என்று தெரியாது’ என்று எழுதச் சொன்னோம். வெள்ளம் வந்த வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே இருப்பார் என்பது என்ன நிச்சயம்? ராத்தா வீட்டுக்கோ, மாமி வீட்டுக்கோ போயிருக்கலாம். முகவரி பதிவேட்டில் இருந்து வந்தது, அவர் வாயிலிருந்து வரவில்லை என்பது பட்டியலில் தெரிய வேண்டும். அப்போதுதான் போகிற ஆள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்றதும் பொதியைத் திருப்பிக் கொண்டு வராமல், பக்கத்து வீட்டில் “இவங்க எங்க போனாங்க?” என்று கேட்பார்.

மூன்றாவதாக ஒரு சோடி. இதுதான் எங்கள் அனுபவத்தில் மிகவும் ஏமாற்றக் கூடியது. ஒரு செய்தி: “பாத்திமா. 5 பேர். சாப்பாடு வேணும். இடம்” இன்னொரு போனுக்கு வந்த செய்தி: “பாத்திமா. மூன்றாம் குறுக்கு, கடசி வீடு. நாங்க”

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இடம் இல்லை, மற்றதில் ஆள் எண்ணிக்கை இல்லை. சேர்த்தால் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பாத்திமா, 5 பேர், மூன்றாம் குறுக்கு, கடைசி வீடு, சாப்பாடு வேண்டும். ஒரு குறையும் இல்லாத ஒரு வரி. ஆனால் நம் ஊரில் ஒரு வீதியில் எத்தனை பாத்திமா இருப்பார்கள்? இரண்டும் ஒரே இலக்கத்திலிருந்து சில நிமிட இடைவெளியில் வந்திருந்தால் ஒன்றின் தொடர்ச்சி மற்றது என்று எடுக்கலாம். இவை இரண்டு வேறு இலக்கங்கள். அப்படியானால் இரண்டு வரியாகத்தான் வைக்க வேண்டும். இரண்டையும் அடையாளமிட்டு, ‘ஒரே குடும்பமா என்று கேட்கவும்’ என்று எழுத வேண்டும். விசாரித்தபோது இரண்டும் வேறு குடும்பங்கள். சேர்த்திருந்தால் ஒரு குடும்பம் பட்டியலிலிருந்தே மறைந்து போயிருக்கும். அது மறைந்தது என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு அரை சேர்ந்து ஒரு முழுமை ஆகும் என்பது ரொட்டிக்குச் சரி. செய்திக்குச் சரியில்லை.

இதே வகையில் இன்னொன்று. செய்திகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதும்போது மேல் வரியின் விபரம் கீழ் வரிக்கு ஒழுகிவிடும். “பள்ளிக்குப் பின்னால, 2ம் குறுக்கு, 7 பேர்” என்று ஒரு செய்தி. அதற்கு அடுத்ததாக இன்னொரு இலக்கத்திலிருந்து “எங்களுக்கும் அப்படித்தான். 5 பேர்” என்று ஒரு செய்தி. ‘எங்களுக்கும்’ என்று சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார்? எங்கள் பட்டியலில் மேலே இருக்கிற வரியை அவர் பார்க்கவே இல்லை. அவர் வேறொரு குழுமத்தில் வேறொரு செய்தியைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் அவர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர் ஆகிவிடமாட்டார்கள். ‘5 பேர்’ மட்டும் எழுத வேண்டும். இடம் வெற்றிடம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அப்படியானால் செய்தியில் நேரடியாகச் சொல்லாத எதையும் எழுதவே கூடாதா? அப்படியில்லை. கணக்கிட்டு எடுப்பது வேறு, ஊகித்து எழுதுவது வேறு. இதற்கு நம் எல்லோருடைய கையிலும் இருக்கிற ஓர் உதாரணம் தேசிய அடையாள அட்டை இலக்கம். ஒருவர் தன் அட்டையைப் படம் பிடித்து அனுப்புகிறார். படம் கலங்கல். பழைய அட்டை. முதல் ஐந்து இலக்கம் மட்டும் தெரிகிறது: 87653. இதிலிருந்து அட்டைக்குரியவர் 1987இல் பிறந்தவர் என்று எழுதலாம். அடுத்த மூன்று இலக்கம் 500க்கு மேல் போவதால் அவர் பெண் என்றும் எழுதலாம். 653இல் 500ஐக் கழித்தால் 153. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவதுதான் அந்த இலக்கத்தின் விதி. அப்படி எண்ணினால் 153ஆம் நாள் ஜூன் 1. இவை எல்லாம் ஊகம் இல்லை. விதி இருக்கிறது, யார் செய்தாலும் ஒரே விடை வரும். ஆனால் மிச்ச நான்கு இலக்கத்தையும் எந்த விதியாலும் எடுக்க முடியாது. அவர் எங்கே வசிக்கிறார் என்பதும் அதில் இல்லை.

தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். நம் நாட்டுக் கையடக்க இலக்கம் 07இல் தொடங்கிப் பத்து இலக்கம். ஒன்பது மட்டும் வந்திருந்தால் ஒன்று விடுபட்டிருக்கிறது என்பது நிச்சயம். எது விடுபட்டது, எந்த இடத்தில் விடுபட்டது என்பது தெரியாது. கடைசி இலக்கம்தான் இல்லை என்று வைத்துக்கொண்டாலே பத்து வாய்ப்பு இருக்கிறது. நடுவில் என்றால் அதைவிடப் பல மடங்கு. ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதை விட, அந்தச் செய்தியைப் பகிர்ந்தவரிடம் திரும்பிப் போவதுதான் வழி.

இன்னொரு பொறியும் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புகிறவர்கள் நிறைய. அப்படித் தட்டும்போது ‘வலி’யும் ‘வழி’யும் ஒரே மாதிரித்தான் வரும். “வாப்பாவுக்கு நெஞ்சு” என்று ஒரு வரியும் அடுத்த துண்டில் “வழி இல்ல” அல்லது “வலி இல்ல” என்று வாசிக்கத்தக்க ஒரு வரியும் வந்தால், ஒன்று வைத்தியசாலைக்குப் போக வழியில்லை என்ற பதற்றம், மற்றது இப்போது வலி இல்லை என்ற ஆறுதல். தமிழ் எழுத்துக்கு மாற்றி எழுதுகிறவர் தன்னை அறியாமலே ஒன்றைத் தெரிவுசெய்துவிடுவார். அதனால்தான் நாங்கள் வந்த செய்தியை வந்தபடியே ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும் என்கிறோம். அந்தக் கட்டத்தில் எழுத்துப் பிழை கூடத் திருத்தக் கூடாது. அதற்குப் பக்கத்தில்தான் நாம் விளங்கிக்கொண்டதை எழுத வேண்டும்.

இனி, மறுபக்கத்தில் சொல்லப்படுவதற்கு வருவோம். “வெற்றிடம் உள்ள வரிகளை அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போய்விடும். அதைவிட ஏதாவது எழுதிக் கொடுப்பது நல்லதுதானே?” இதில் உண்மை இருக்கிறது. அரைகுறை வரியைத் தூக்கி எறிவதும் நிரப்பி எழுதுவது போலவே அநியாயம்தான். அதிகம் கஷ்டப்பட்ட வீட்டிலிருந்துதான் அரைகுறைச் செய்தி வருகிறது. சிக்னல் இல்லாதவர், சார்ஜ் இல்லாதவர், எழுதப் பழக்கமில்லாதவர் அவர்கள்தான். நாங்கள் அறிந்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ‘விபரம் போதாது’ என்று அரைகுறை வரிகளை எல்லாம் தனியாகக் கிழித்து வைத்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் எண்ணிக்கை இல்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 என்று போட்டார்கள். ஒன்பது பேர் இருந்த வீட்டுக்கு ஐந்து பேருக்கான பொதி போனது. “நாங்க ஐந்து பேர் என்று எப்ப சொன்னோம்?” என்று அந்த வீட்டுக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. பட்டியலில் அது அவர் சொன்னது போலத்தான் இருந்தது.

அதனால் எங்கள் வழி இரண்டுக்கும் நடுவில். வரியை வைத்திருக்க வேண்டும், இட்டுக்கட்டவும் கூடாது. அலுவலகத்துக்குத் தேவையானது மொத்தக் கணக்கு என்றால் அதை நேர்மையாகவே கொடுக்கலாம். அன்றிரவு நாங்கள் கொடுத்த கணக்கு இதுதான். முழுமையான 29 செய்திகளில் 131 பேர். அரைகுறையான 14இல் எட்டில் ஆள் எண்ணிக்கை இருந்தது, அது 37 பேர். ஆக உறுதியாக 168 பேர். மிச்சம் 6 செய்திகளில் எண்ணிக்கை தெரியாது. “குறைந்தது 168 பேர், அதற்கு மேல் எண்ணிக்கை தெரியாத 6 செய்திகள்” என்று எழுதிக் கொடுத்தோம்.

சமையலுக்கு அப்படிச் சொல்ல முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். சட்டியில் அரிசி போடுகிறவருக்கு ஓர் எண் வேண்டும். எண்ணிக்கை தெரிந்த 37 செய்திகளில் 168 பேர் என்றால் ஒன்றுக்கு நாலரைப் பேர் அளவு. ஐந்து என்று வைத்து 6 செய்திக்கு 30 பேர் கூட்டி, ஏறத்தாழ 200 பேருக்குச் சமையுங்கள் என்றோம். இது மதிப்பீடு. சமையல்காரரின் துண்டில் மட்டும் எழுதினோம், ‘மதிப்பீடு’ என்றும் எழுதினோம். அந்த ‘5’ஐ எந்தக் குடும்பத்தின் வரியிலும் எழுதவில்லை. மொத்தத்தில் மதிப்பிடலாம், அதைச் சொல்லிவிட்டு. ஒரு வீட்டின் பெயருக்கு எதிரே மதிப்பீட்டை எழுதினால் அது அந்த வீட்டுக்காரர் சொன்னதாகிவிடும்.

“நேரம் இல்லையே, ஒவ்வொருவரையும் எடுத்துக் கேட்க முடியுமா?” என்பது அடுத்த கேள்வி. 43 பேரையும் எடுக்கத் தேவையில்லை. 14 பேரைத்தான். அதிலும் மருந்து, நோய், கர்ப்பிணி, குழந்தை என்ற சொல்லுக்குக் கிட்ட நின்றுபோன செய்திகள் முதலில். அப்படிப் பார்த்தால் நான்கைந்துதான் வரும். பதில் இல்லை என்றால் ஒரு குறுஞ்செய்தி போட்டு வையுங்கள். போன் உயிர் பெற்றதும் போய்ச் சேரும். அதுவும் துண்டாகாமல் ஒரே செய்தியாகப் போக வேண்டும். நாங்கள் அனுப்பியது: “உங்கட செய்தி பாதிதான் வந்திச்சு. எத்தின பேர்? எங்க இருக்கீங்க?” இது 70க்குள் அடங்கும்.

கேட்கிற விதத்திலும் ஒரு விடயம் இருக்கிறது. “இன்சுலின் வேணுமா?” என்று கேட்டால், பயந்து போயிருக்கிற பிள்ளை “ஓம்” என்றுதான் சொல்லும். “ஐந்து பேர்தானே?” என்றால் அதற்கும் “ஓம்”. நம் ஊகத்தை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு, கேட்டு எழுதினோம் என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். அப்படிக் கேட்காதீர்கள். “இன்சு என்றதோட நின்றுவிட்டது. அதுக்குப் பிறகு என்ன எழுதினீங்க?” என்று கேளுங்கள். “வீட்டில் யார் யார் இருக்கீங்க?” என்று கேட்டு நீங்களே எண்ணுங்கள். வகுப்பறையில் விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால் பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியாதல்லவா? அதே கதைதான் இது.

ஆகவே இந்த முறை பட்டியல் எழுதுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒரு கொப்பியோ எக்செல்லோ, எதுவானாலும் முதல் கட்டத்தில் செய்தி வந்தபடியே இருக்கட்டும், அனுப்பிய இலக்கத்தோடும் நேரத்தோடும். அடுத்த கட்டங்களில் அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். நின்றுபோன இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். பதிவேட்டிலிருந்தோ வேறு ஆளிடமிருந்தோ எடுத்தது என்றால் எங்கிருந்து என்று பக்கத்தில் எழுதுங்கள். தெரியாததற்குத் ‘தெரியாது’ என்று எழுதுங்கள். வெறுமனே விடாதீர்கள். வெற்றுக் கட்டம் மறந்துபோனது போலவும் தெரியும், ‘ஒன்றுமில்லை’ போலவும் தெரியும். பிறகு கேட்டு நிரப்பினால் யார், எத்தனை மணிக்குக் கேட்டார் என்று சிறிதாக ஒரு குறிப்பு. கொப்பியில் ஒரு வரிக்கு அரை நிமிடம் கூடுதலாகப் போகும்.

செய்தி அனுப்புகிற உறவுகளுக்கும் ஒன்று. வழமையாக நாம் ஸலாம், பெயர், நிலைமை எல்லாம் சொல்லிவிட்டு எண்ணிக்கையையும் இடத்தையும் கடைசியில் எழுதுகிறோம். வெட்டுப்படுவது பெரும்பாலும் கடைசிதான். வெள்ள நேரத்தில் மட்டும் முறையை மாற்றுங்கள். முதலில் இடம், அடுத்து எத்தனை பேர், அடுத்து என்ன வேண்டும், பிறகு பெயர். எண்ணை இலக்கத்தில் எழுதாமல் ‘பதின்மூன்று’ என்று எழுத்தில் எழுதினால், வெட்டுப்பட்டாலும் பெரும்பாலும் வெட்டுப்பட்டது தெரியும். மருந்துப் பெயர் என்றால் கிளினிக் கொப்பியைப் பார்த்து முழுமையாக எழுதுங்கள். உயிராபத்து என்றால் எங்களுக்கு எழுதிக்கொண்டு நிற்காமல் முதலில் 1990ஐ எடுங்கள். தண்ணீர் ஏறி வெளியேற முடியாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

பட்டியல் என்பது மக்கள் நம்மிடம் தந்த அமானிதம். ஒருவர் சொல்லாததை அவர் பெயரில் எழுத நமக்கு உரிமை இல்லை. கூட்டத்தில் ‘வெற்றிடம் இருக்கக் கூடாது’ என்று சொன்ன பெரியவர்களிடமும் நாங்கள் இதைத்தான் மரியாதையோடு சொல்கிறோம். வெற்றிடமே இல்லாத பட்டியலைக் கேட்டால் எங்களால் ஒரே இரவில் தர முடியும். ஆனால் அதில் எது உண்மை, எது எங்கள் கற்பனை என்று உங்களாலும் சொல்ல முடியாது, எங்களாலும் சொல்ல முடியாது. அடுத்த கூட்டத்துக்கு மாதிரிப் படிவம் ஒன்றை வரைந்து கொண்டு வருகிறோம். ‘வந்தபடி’, ‘சொன்னது’, ‘எங்கிருந்து’, ‘தெரியாது’ என்ற கட்டங்களோடு. பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.